ஆறு லட்சம் லாபத்தில் யாருக்கு எவ்வளவு?

இருவர் சேர்ந்து நடத்தும் ஒரு கடையில் ஆண்டு முடிவில் 6,00,000 ரூபாய் லாபம் நிற்கிறது. லாபப் பங்கு 3:2 என்று ஏற்கெனவே பேசி எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு 3,60,000, மற்றவருக்கு 2,40,000 என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்றே தோன்றும். ஆனால் அதே ஒப்பந்தப் பத்திரத்தில் போட்ட முதலுக்கு வட்டி, நடுவில் எடுத்த பணத்துக்கு வட்டி, கடையில் உழைப்பவருக்குச் சம்பளம் என்று மூன்று வாசகங்கள் இருந்தால் இந்தப் பிரிப்பு செல்லாது. அந்த மூன்றும் தீர்ந்த பிறகு மிஞ்சும் தொகைக்குத்தான் 3:2 பொருந்தும். மிஞ்சும் தொகையை எட்டும் வரைக்குமான கணக்கைப் பதிவது லாப நட்டப் பகிர்வுக் கணக்கில்.

இந்த மூன்று வாசகங்களும் பத்திரத்தில் ஏறக் காரணம் உண்டு. கூட்டாளிகள் எல்லாரும் ஒரே அளவு பணம் போடுவதில்லை, ஒரே அளவு உழைப்பதுமில்லை. பணம் எடுப்பதிலும் ஒருவர் மாதாமாதம் எடுப்பார், இன்னொருவர் தேவைப்படும்போது எடுப்பார். இவ்வளவு வேற்றுமையையும் ஒரே ஒரு விகிதத்துக்குள் அடக்க முயன்றால் யாராவது ஒருவர் ஏமாந்துபோவார். அதனால் பணத்துக்கு வட்டி, உழைப்புக்குச் சம்பளம் என்று தனித்தனியே விலை வைத்துவிட்டு, எஞ்சுவதை மட்டும் விகிதப்படி பிரிக்கிறார்கள்.

பத்திரம் வாய் திறக்காத இடத்தில் சட்டம் பேசும். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கூட்டாளிகள் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் கடையில் உழைப்பதற்காக எவருக்கும் சம்பளம் கிடையாது என்கிறது. முதலுக்கு வட்டி கேட்கவும் உரிமை இல்லை. லாபமும் நட்டமும் எல்லாருக்கும் சமம். பத்து லட்சம் போட்டவருக்கும் ஒரு லட்சம் போட்டவருக்கும் ஒரே பங்கு. வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டதும் ஒப்பந்தம்தான். ஆனால் கணக்கு எழுதுபவர் கையில் எழுத்து இல்லையென்றால், சச்சரவு வரும் நாளில் எதைப் பேசினோம் என்பதே தகராறாகிவிடும். இந்தக் கணக்கைத் தொடங்குமுன் பத்திரத்தை எடுத்து வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று ஆடிட்டர்கள் வலியுறுத்துவது அதனால்தான்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளியும். ஈரோட்டில் இரு கூட்டாளிகள் ஜவுளி மொத்த வியாபாரம் செய்வதாக வைத்துக்கொள்ளலாம். மூத்தவர் போட்ட முதல் 10,00,000 ரூபாய். கடைக்கு எப்போதாவதுதான் வருவார். இளையவர் போட்டது 4,00,000. காலையில் கடை திறப்பது முதல் இரவு கல்லாவைப் பூட்டுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. கணக்காண்டு 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை. நடுவில் அக்டோபர் 1 அன்று இளையவர் இன்னும் 2,00,000 ரூபாய் முதலாகக் கொண்டுவந்து சேர்க்கிறார். முதலுக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி, எடுப்புகளுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி, இளையவருக்கு மாதம் 20,000 சம்பளம், மிஞ்சும் லாபம் மூத்தவருக்கு 3 பங்கு, இளையவருக்கு 2 பங்கு என்பது பத்திரம். சம்பளத்தை இளையவர் மாதாமாதம் கையில் வாங்குவதில்லை. ஆண்டு முடிவில் அவர் கணக்கில் வரவு வைப்பதாக ஏற்பாடு. இவை எதையும் கழிக்காமல் நிற்கும் நிகர லாபம்தான் மேலே சொன்ன 6,00,000.

முதலில் முதலுக்கான வட்டி. பணம் கடையில் எத்தனை மாதம் கிடந்ததோ அத்தனை மாதத்துக்குத்தான் வட்டி. மூத்தவரின் பத்து லட்சம் ஆண்டு முழுக்கக் கிடந்ததால் 8 சதவீதப்படி 80,000. இளையவரின் நான்கு லட்சத்துக்கு 32,000, பின்னால் வந்த இரண்டு லட்சம் ஆறு மாதமே உழைத்ததால் அதற்கு 8,000, ஆக 40,000. இருவருக்கும் சேர்த்து 1,20,000. ஆண்டு முடிவில் ஏட்டில் நிற்கும் முதலைப் பார்த்து வட்டி போடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிப் போட்டால் இளையவரின் ஆறு லட்சத்துக்கும் முழு ஆண்டு வட்டியாக 48,000 விழும். அக்டோபரில் வந்த பணத்துக்கு ஏப்ரல் முதலே வட்டி கொடுத்தது போலாகிவிடும்.

எடுப்புகளுக்கான வட்டியில் திசை மாறுகிறது. இங்கே கடை கொடுப்பதில்லை, வாங்குகிறது. லாபம் எவ்வளவு என்று தெரியுமுன்பே கூட்டாளி தன் வீட்டுச் செலவுக்குக் கடைப் பணத்தை எடுத்தால், எடுத்த நாளிலிருந்து ஆண்டு முடிவு வரைக்கும் அந்தப் பணம் கடைக்கு உதவவில்லை. அந்த நாட்களுக்கு அவர் வட்டி கட்டுகிறார்.

மூத்தவர் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் 10,000 எடுத்தார். ஆண்டு மொத்தம் 1,20,000. ஏப்ரல் 1 அன்று எடுத்த பத்தாயிரத்துக்குப் பன்னிரண்டு மாத வட்டி, மே 1 அன்று எடுத்ததற்குப் பதினோரு மாதம் என்று குறைந்துகொண்டே வந்து, மார்ச் 1 அன்று எடுத்ததற்கு ஒரே மாத வட்டி. பன்னிரண்டு தடவை தனித்தனியாகப் போட வேண்டியதில்லை. 12க்கும் 1க்கும் நடு எண் ஆறரை. மொத்தத் தொகைக்கு ஆறரை மாத வட்டி போட்டால் அதே விடை வரும். 1,20,000க்கு 10 சதவீதத்தில் ஆறரை மாத வட்டி 6,500 ரூபாய். மாதக் கடைசி நாளில் எடுத்திருந்தால் முதல் தொகைக்குப் பதினோரு மாதம், கடைசித் தொகைக்கு வட்டியே இல்லை. அப்போது நடு எண் ஐந்தரை. மாத நடுவில் எடுப்பவருக்கு ஆறு. தேதியே குறித்து வைக்காத கடைகளில், பணம் ஆண்டு முழுக்கப் பரவலாக எடுக்கப்பட்டதாகக் கொண்டு ஆறு மாத வட்டி போடுவது வழக்கம். எடுக்கும் தொகையும் இடைவெளியும் மாறாமல் இருந்தால்தான் இந்தக் குறுக்குவழிகள் பலிக்கும்.

இளையவர் அப்படி ஒழுங்காக எடுக்கவில்லை. ஜூன் 30 அன்று 20,000, அக்டோபர் 31 அன்று 32,000, ஜனவரி 31 அன்று 40,000 என மொத்தம் 92,000. இப்படி எடுத்தால் பெருக்குத்தொகை முறைதான் வழி. ஒவ்வொரு தொகையையும் அது வெளியே நின்ற மாதங்களால் பெருக்க வேண்டும்: 20,000க்கு ஒன்பது மாதம், 1,80,000, 32,000க்கு ஐந்து மாதம், 1,60,000, 40,000க்கு இரண்டு மாதம், 80,000. கூட்டினால் 4,20,000. அதாவது இளையவர் 4,20,000 ரூபாயை ஒரே ஒரு மாதம் வைத்திருந்ததற்குச் சமம். அதற்கு 10 சதவீதத்தில் ஒரு மாத வட்டி 3,500 ரூபாய். எடுத்தது மூத்தவரை விடச் சற்றுத்தான் குறைவு. வட்டி பாதியளவுக்கு இறங்கியதற்குக் காரணம், பெரிய தொகைகளை ஆண்டின் கடைசிப் பகுதியில் எடுத்ததுதான்.

இனிப் பகிர்வுக் கணக்கு. வரவுப் பக்கத்தில் லாப நட்டக் கணக்கிலிருந்து வரும் 6,00,000. அதன் கீழே எடுப்புகளின் வட்டி 6,500ம் 3,500ம் சேர்ந்து 10,000. ஆகப் பகிர இருப்பது 6,10,000. பற்றுப் பக்கத்தில் முதலின் வட்டி 1,20,000, இளையவரின் சம்பளம் 2,40,000. இரண்டும் போக மிஞ்சுவது 2,50,000. இதைத்தான் 3:2 என்று பிரிக்க வேண்டும்: மூத்தவருக்கு 1,50,000, இளையவருக்கு 1,00,000.

| விவரம் | மூத்தவர் | இளையவர் |
|---|---|---|
| முதலுக்கு வட்டி | 80,000 | 40,000 |
| சம்பளம் | – | 2,40,000 |
| மிஞ்சிய லாபத்தில் பங்கு | 1,50,000 | 1,00,000 |
| கழிக்க: எடுப்புகளுக்கு வட்டி | 6,500 | 3,500 |
| நிகரம் | 2,23,500 | 3,76,500 |

நிகர வரியின் இரண்டு தொகைகளையும் கூட்டினால் 6,00,000 வர வேண்டும், வருகிறது. இந்த ஒரு கூட்டலே கணக்கு சரியா என்று பார்க்கும் நல்ல சோதனை. வட்டியும் சம்பளமும் கடைக்கு வெளியே எங்கும் போகவில்லை. இருவருக்குள்ளேயே பங்கு மாறியிருக்கிறது. ஒற்றை விகிதத்தில் பிரித்திருந்தால் மூத்தவருக்கு 3,60,000 போயிருக்கும். பத்திரமே இல்லாதிருந்தால் சட்டப்படி ஆளுக்கு 3,00,000. மூன்று பங்கு உள்ளவரை விட இரண்டு பங்கு உள்ளவர் ஒன்றரை லட்சம் கூடுதலாகப் பெறுவது முதல் பார்வைக்கு வினோதமாகத் தெரியலாம். ஆண்டு முழுக்கக் கடையில் நின்ற உழைப்பின் விலை அதில் இருக்கிறது.

இந்தக் கணக்கில் நேரும் மிகப் பெரிய பிழை சம்பளத்தில்தான். கடைச் சிப்பந்திகளின் சம்பளம் லாபத்தைக் கண்டுபிடிக்குமுன் கழிக்கும் செலவு. கூட்டாளியின் சம்பளமோ லாபத்தைக் கண்டுபிடித்த பிறகு அதைப் பகிரும் வழிகளில் ஒன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே ஏட்டுக் கணக்கில் விழுந்துவிடுகின்றன. இளையவர் தம் 20,000ஐ மாதாமாதம் கல்லாவிலிருந்தே வாங்கியிருந்து, கணக்குப்பிள்ளை அதைச் சிப்பந்திச் சம்பளத்தோடு சேர்த்து எழுதியிருந்தால் லாபம் 3,60,000 என்றுதான் காட்டும். அதைக் கவனிக்காமல் பகிர்வுக் கணக்கில் 2,40,000ஐ மறுபடியும் கழித்தால் மிஞ்சுவது வெறும் 10,000. மூத்தவர் கணக்கில் 79,500தான் ஏறும். இளையவருக்கோ கையில் வாங்கிய 2,40,000 போக, ஏட்டிலும் 2,80,500 ஏறிவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாமலேயே 1,44,000 ரூபாய் ஒருவர் பக்கத்திலிருந்து மற்றவர் பக்கம் போய்விட்டது. மிஞ்சும் லாபம் எதிர்பாராமல் சுருங்கிக் கிடந்தால், முதலில் திறந்து பார்க்க வேண்டியது சம்பளக் கணக்கைத்தான்.

கூட்டாளி கொடுத்த கடனும் இப்படித்தான் குழப்பும். முதலாக ஒப்புக்கொண்டதற்கு மேல் கூட்டாளி கடைக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு, பத்திரத்தில் எதுவும் சொல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு என்கிறது 13ஆம் பிரிவு. அந்த வட்டி வங்கிக்குக் கட்டும் வட்டியைப் போன்ற செலவு; லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். ஆகையால் அது லாப நட்டக் கணக்கில் போகும், பகிர்வுக் கணக்கில் வராது. கூட்டாளிக்குச் சொந்தமான கட்டடத்தில் கடை நடந்தால் அவருக்குக் கொடுக்கும் வாடகைக்கும் இதே இடம்தான்.

லாபம் போதுமான அளவு இருக்கும் வரை பத்திரத்தின் ஓட்டைகள் வெளியே தெரியாது. வியாபாரம் படுத்த ஆண்டில்தான் தெரியும். அதே கடையில் மற்ற எல்லாத் தொகைகளும் அப்படியே இருந்து, லாபம் மட்டும் 1,70,000 என்று வைத்துக்கொண்டால், எடுப்புகளின் வட்டியோடு சேர்ந்து பகிர இருப்பது 1,80,000. பத்திரப்படி கொடுக்க வேண்டியதோ வட்டி 1,20,000ம் சம்பளம் 2,40,000ம், ஆக 3,60,000. கையில் இருப்பது சரிபாதி.

முதலுக்கு வட்டி தர ஒப்புக்கொண்டிருந்தாலும் அதை லாபத்திலிருந்து மட்டுமே தர வேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. பத்திரம் வேறு எதுவும் சொல்லாதபோது, இருக்கும் தொகையை அவரவர் உரிமைத் தொகையின் விகிதத்தில் பகிர்வது கணக்கியல் நடைமுறை. இங்கே எல்லாருக்கும் பாதி: மூத்தவரின் வட்டி 40,000, இளையவரின் வட்டி 20,000, சம்பளம் 1,20,000. எடுப்புகளின் வட்டியைக் கழித்தால் மூத்தவருக்கு 33,500, இளையவருக்கு 1,36,500. மிஞ்சும் லாபம் எதுவும் இல்லாததால் 3:2க்கு இந்த ஆண்டு வேலையே இல்லை.

லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டியும் சம்பளமும் முழுதாகக் கொடுக்கப்படும் என்று பத்திரம் சொன்னால் கதை வேறு. அப்போது அவை லாபத்தின் மீது சுமத்தும் செலவாகிவிடும். 1,80,000லிருந்து 3,60,000ஐ முழுதாகக் கழித்தால் 1,80,000 நட்டம். நட்டத்தையும் 3:2 என்றே தாங்க வேண்டும்: மூத்தவருக்கு 1,08,000, இளையவருக்கு 72,000. மூத்தவருக்கு வட்டி 80,000 வரவாகி, நட்டம் 1,08,000ம் எடுப்புகளின் வட்டி 6,500ம் பற்றாகி, முடிவில் 34,500 ரூபாய் அவர் கையை விட்டுப் போகிறது. இளையவருக்கு 2,04,500 வருகிறது. லாபம் அதே 1,70,000தான். பத்திரத்தில் ஒரே ஒரு வாசகம் இருப்பதும் இல்லாததும் இருவருக்கும் நடுவில் 68,000 ரூபாயை இடம் மாற்றிவிட்டது. உழைக்கும் கூட்டாளிக்கு வேறு வருமானம் இல்லாத கடைகளில், சம்பளத்தை மட்டும் கட்டாயமாக்கி, முதலின் வட்டியை லாபம் இருந்தால்தான் என்று எழுதிக்கொள்வதும் உண்டு. லாபம் குறைந்தால் எது முதலில், எது பிறகு என்று வரிசை எழுதி வைப்பதும் உண்டு. எப்படி எழுதியிருந்தாலும் கணக்கு அதைத்தான் பின்பற்ற வேண்டும். எழுதாமல் விட்டதை ஆண்டு முடிவில் கணக்குப்பிள்ளை இட்டு நிரப்பக் கூடாது.

பகிர்ந்த தொகைகளைக் கூட்டாளிகளின் கணக்கில் ஏற்ற இரண்டு வழிகள் உண்டு. மாறுபடும் முதல் முறையில் எல்லாமே முதல் கணக்கிலேயே விழும். முதல் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். நிலை முதல் முறையில் போட்ட முதல் அசையாமல் நிற்கும்; வட்டி, சம்பளம், பங்கு, எடுப்பு எல்லாம் நடப்புக் கணக்கு என்ற தனிக் கணக்கில் போகும். லாபம் 6,00,000 வந்த ஆண்டில், நடப்புக் கணக்குகள் பாக்கி எதுவும் இல்லாமல் தொடங்கியிருந்தால், மூத்தவரின் நிகரம் 2,23,500லிருந்து அவர் எடுத்த 1,20,000 போக 1,03,500 வரவு நிற்கும். இளையவரின் 3,76,500லிருந்து 92,000 போக 2,84,500 நிற்கும். அவர்களின் முதல் கணக்குகளில் பத்து லட்சமும் ஆறு லட்சமும் அப்படியே இருக்கும். அடுத்த ஆண்டு வட்டி போட நிலை முதல் முறைதான் வசதி. மாறுபடும் முறையில் இந்த ஆண்டின் வட்டியும் பங்கும் முதலோடு கலந்துவிடுவதால், அடுத்த ஆண்டு அவற்றுக்கும் சேர்த்து வட்டி ஓடும். அதில் இருவருக்கும் சம்மதமா என்பதைப் பத்திரம் எழுதும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

வருமான வரிக் கணக்கு இதே தொகைகளை வேறு கண்ணால் பார்க்கிறது. கடை ஏட்டில் லாபப் பகிர்வாக நிற்கும் வட்டியையும் சம்பளத்தையும், வரிக்காகக் கடையின் வருமானத்தைக் கணக்கிடும்போது ஒரு வரம்புக்குள் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். மேற்படி கணக்காண்டுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, முதலின் வட்டியில் ஆண்டுக்கு 12 சதவீத தனிவட்டி வரைதான் கழிவு. சம்பளம் கடையில் உண்மையாகவே உழைக்கும் கூட்டாளிக்கு மட்டும், அதுவும் லாபத்தை ஒட்டி வகுத்த உச்ச அளவுக்குள். இரண்டுமே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பத்திரத்தின் தேதிக்கு முந்தைய காலத்துக்குக் கழிவு கிடையாது. அப்படிக் கழித்த தொகைக்குக் கூட்டாளி தம் சொந்த வருமானத்தில் வியாபார வருமானமாகக் காட்டி வரி கட்டுவார். மிஞ்சிய லாபத்தில் அவருக்கு வந்த பங்குக்குக் கடையே வரி கட்டிவிட்டதால், அவர் மீண்டும் கட்ட வேண்டியதில்லை.